‘நல்ல கால்’ ஏன் தளர்கிறது? போலியோவும், பல ஆண்டுகள் கழித்து வரும் பலவீனமும்

மூன்று வயதில் போலியோ வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இவர் தனி ஒருவர் அல்ல. போலியோவிலிருந்து மீண்ட பலர் மருத்துவரிடம் சொல்லும் கதைகளைச் சேர்த்து நான் உருவாக்கிய மனிதர். காய்ச்சல் வந்த சில நாட்களில் இரண்டு கால்களும் அசைவற்றுப் போயின. அடுத்த சில மாதங்களில் வலது காலில் அசைவு திரும்பியது. ஒரு வருடத்தில் அது ஓடவும் குதிக்கவும் முடிகிற கால் ஆகிவிட்டது. இடது கால் சூம்பிப் போனது. அதற்குக் காலிப்பர் போட்டுக்கொண்டு நடக்கப் பழகினார். அதன்பிறகு நாற்பது வருடங்கள் எந்த மாற்றமும் இல்லை. படித்தார், வேலைக்குப் போனார், பிள்ளைகளை வளர்த்தார். போலியோ என்பது அவரைப் பொறுத்தவரை எப்போதோ முடிந்துபோன விஷயம்.

47 வயதில் ஒரு நாள் மாடிப்படியில் ஏறும்போது முழங்கால் சட்டென்று மடங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தப்பித்தார். சில வாரங்களில் மீண்டும் அதே மாதிரி நடந்தது, பிறகு அடிக்கடி நடக்கத் தொடங்கியது. தாழ்வான நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. மாலையானால் தொடையில் ஒரு கனம், வலி. ஆனால் மடங்கியது காலிப்பர் போட்ட இடது கால் அல்ல, வலது கால். “இது என் நல்ல கால் ஆச்சே, டாக்டர்” என்கிறார் அவர். கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது: “அந்தக் கிருமி இத்தனை நாள் உள்ளேயே இருந்ததா? இப்போது திரும்ப வந்துவிட்டதா?”

அந்த ‘நல்ல கால்’ என்ற சொல்லில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. அது எப்படி நல்ல கால் ஆனது என்று புரிந்துவிட்டால், ஏன் இப்போது தளர்கிறது என்பதும் புரிந்துவிடும். இரண்டும் ஒரே கதையின் முன்பாதியும் பின்பாதியும்.

தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதி

தண்டுவடத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் நடுவில் வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவில் ஒரு சாம்பல் நிறப் பகுதி தெரியும். அந்தப் பூச்சியின் முன்பக்கச் சிறகுகளுக்கு முன்கொம்பு என்று பெயர். தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் இயக்க நரம்பணுக்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. போலியோமயலைட்டிஸ் என்ற முழுப்பெயரிலேயே இது இருக்கிறது. கிரேக்க மொழியில் ‘போலியோஸ்’ என்றால் சாம்பல் நிறம், ‘மயலோஸ்’ என்றால் மஜ்ஜை. தண்டுவடத்தின் சாம்பல் பகுதியில் அழற்சி என்பதுதான் பெயரின் பொருள்.

ஒவ்வொரு இயக்க நரம்பணுவிலிருந்தும் ஆக்ஸான் என்ற ஒரு நீண்ட இழை கிளம்பித் தசை வரை செல்கிறது. பாதத்துக்குப் போகும் ஆக்ஸான் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் இருக்கும். அது தசைக்குள் நுழைந்ததும் மரம்போலப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் ஒரு தசை இழையைத் தொடுகிறது. ஒரு நரம்பணுவும் அது ஆளும் தசை இழைகள் அத்தனையும் சேர்ந்தால் ஓர் இயக்க அலகு. கண்ணை நகர்த்தும் நுண்ணிய தசையில் ஓர் அலகில் பத்துப் பன்னிரண்டு இழைகள்தான் இருக்கும். கெண்டைக்காலில் ஓர் அலகில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும்.

ஒரு விதியை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நரம்பின் தொடர்பு அறுந்த தசை இழை தானாகச் சுருங்காது. பல மாதங்கள் அப்படியே விட்டால் மெலிந்து, கடைசியில் அந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் நிரம்பிவிடும். இறந்த இயக்க நரம்பணுவின் இடத்தில் புதிய நரம்பணு பிறப்பதும் கிடையாது.

வைரஸ் செய்வது என்ன

போலியோ வைரஸ் மிகச் சிறியது. குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். வாய் வழியாக நுழைந்து தொண்டையிலும் குடலிலும் பெருகுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அங்கேயே கதை முடிந்துவிடும். தொற்று வந்ததே தெரியாது, அல்லது சாதாரணக் காய்ச்சலும் தொண்டைவலியுமாக வந்து போய்விடும். சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால் செயலிழப்பு வரை போகிறது. அந்த ஒருவருக்குள் வைரஸ் இரத்தத்தின் வழியாகவோ, தசையில் முடியும் ஆக்ஸானைப் பிடித்து மேலே ஏறியோ தண்டுவடத்தை எட்டிவிடுகிறது. தொற்று இருக்கும் சமயத்தில் ஊசி போட்ட கைகாலும், கடுமையாக உழைத்த கைகாலும் அதிகம் பாதிக்கப்பட்டதை அந்நாளைய மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

நரம்பணுவின் மேற்பரப்பில் சிடி155 என்ற புரதம் இருக்கிறது. வைரஸ் அதைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. உள்ளே போனதும் முதல் வேலையாகச் செல்லின் புரத உற்பத்தியைக் கைப்பற்றுகிறது. செல் தன் சொந்த ஆர்.என்.ஏ.வை வாசிக்கத் தொடங்குவதற்கு ஓர் இணைப்புப் புரதம் வேண்டும். வைரஸின் நொதி அந்த இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வுக்கு அந்த இணைப்பு முழுதாகத் தேவையில்லை, வேறு வழியில் அது வாசிக்கப்படும். ஆகவே செல்லின் சொந்த வேலைகள் நின்றுபோக, வைரஸின் வேலை மட்டும் ஓடுகிறது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான புதிய வைரஸ்கள் தயாராகிச் செல்லை விட்டு வெளியேறுகின்றன. ஒரு மீட்டர் நீள ஆக்ஸானுக்கும் சேர்த்துப் புரதம் தயாரித்துக்கொண்டிருந்த நரம்பணு அதைத் தாங்குவதில்லை. அது இறந்ததும் ஆக்ஸான் முழுவதும் சிதைந்துபோகிறது.

உணர்வைக் கொண்டுவரும் நரம்பணுக்களின் உடல் தண்டுவடத்துக்கு வெளியே, தனி முடிச்சுகளில் இருக்கிறது. அவற்றை வைரஸ் பெரும்பாலும் தொடுவதில்லை. அதனால்தான் போலியோவில் கால் துவண்டு கிடக்கும், ஆனால் கிள்ளினால் வலிக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் பாதிப்பதும் இல்லை. முன்கொம்பில் ஒவ்வொரு தசைக்கும் உரிய நரம்பணுக்கள் மேலும் கீழுமாக ஒரு தூண்போல அடுக்கப்பட்டிருக்கின்றன. தொடையின் முன்தசைக்கான தூண் நீளமானது. பாதத்தை மேலே தூக்கும் முன்கால் தசைக்கான தூண் குட்டையானது. வைரஸ் ஆங்காங்கே திட்டுத்திட்டாகத் தாக்குவதால் குட்டைத் தூண் முழுவதுமாக அழிந்துபோக வாய்ப்பு அதிகம், நீளமான தூணில் கொஞ்சமாவது மிஞ்சும். போலியோவில் பாதம் தொங்கிப்போவதை அவ்வளவு அடிக்கடி பார்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காய்ச்சல் தணியும்போது பாதிப்பு பரவுவதும் நின்றுவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி வைரஸை விரட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் கணக்கெடுத்தால் நரம்பணுக்கள் மூன்று வகையாக இருக்கும்: இறந்தவை, அடிபட்டு மயங்கிக் கிடப்பவை, தப்பியவை. முதல் வாரத்துச் செயலிழப்பில் இறந்தவையும் மயங்கியவையும் சேர்ந்தே இருக்கின்றன. மயங்கியவை சில வாரங்களில் எழுந்துகொள்ளும். ஆரம்பத்தில் துவண்டுபோன கால் முதல் இரண்டு மாதத்தில் வேகமாகத் தேறுவது இதனால்தான்.

அதற்குப் பிறகும் பல மாதங்கள் தொடரும் தேறுதல் வேறு வகையைச் சேர்ந்தது. நான் நின்று விளக்க விரும்புவது இந்த இடத்தைத்தான்.

அநாதை இழைகளைத் தத்தெடுத்தல்

ஒரு நரம்பணு இறந்தால் அது ஆண்டுகொண்டிருந்த தசை இழைகள் அநாதைகளாகின்றன. தசைக்குள் இயக்க அலகுகள் தனித்தனிக் கட்டிகளாக இல்லை, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால் அநாதையான இழைக்குப் பக்கத்திலேயே உயிரோடிருக்கும் வேறொரு நரம்பணுவின் கிளை இருக்கும். அந்தக் கிளையின் நுனியிலிருந்து ஒரு புதுத் தளிர் விட்டு அநாதை இழையைத் தொட்டுக்கொள்ளும். தொட்டதும் அந்த இழை புதிய தலைமைக்குக் கீழ்ப்படியத் தொடங்குகிறது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக முழு எண்களை நானே வைத்துக்கொள்கிறேன், உண்மையான தசையில் எண்கள் வேறுபடும். நம் பெண்ணின் ஒவ்வொரு தொடை முன்தசைக்கும் 200 நரம்பணுக்கள், ஒவ்வொன்றும் 500 இழைகளை ஆள்கிறது என்று கொள்வோம். மொத்தம் 1,00,000 இழைகள்.

வலது காலில் 120 நரம்பணுக்கள் இறந்தன, 80 மிஞ்சின. மிஞ்சிய ஒவ்வொன்றும் தளிர்விட்டு 500க்குப் பதில் 1,250 இழைகளை ஏற்றுக்கொண்டால் போதும், 80 × 1,250 என்று மீண்டும் 1,00,000 வந்துவிடும். எல்லா இழைகளும் சுருங்குகின்றன, கால் பழைய பலத்தைப் பெற்றுவிட்டது. ஆனால் தண்டுவடத்தில் 120 இடங்கள் காலியாகவே இருக்கின்றன.

இடது காலில் 180 இறந்தன, 20தான் மிஞ்சின. ஒரு நரம்பணு எவ்வளவு வேண்டுமானாலும் தத்தெடுக்க முடியாது. அதன் வழக்கமான அளவைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு வரை போகலாம். ஐந்து மடங்கு என்றால் ஒவ்வொன்றும் 2,500 இழைகள், மொத்தம் 50,000. மீதி 50,000 இழைகளுக்கு யாரும் வரவில்லை. அவை மெலிந்து மறைந்தன. தப்பிய இழைகள் நடக்கும் பாரத்தால் கொஞ்சம் தடித்தன. சூம்பிய, ஆனாலும் ஓரளவு அசைகிற கால் உருவானது.

மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்துத் தசையின் பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுப்பார். நம் பெண்ணின் வலது கால் 5 வாங்கிவிடும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பாதிக்கும் அதிகமான நரம்பணுக்களை இழந்த தசைகூட இந்தச் சோதனையில் இயல்பாகத் தெரியலாம் என்பதைத் தண்டுவடத்தில் நரம்பணுக்களை எண்ணிப் பார்த்த பழைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிறுவயதில் “இந்தக் கால் முழுசா சரியாயிடுச்சு” என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் பொய் சொல்லவில்லை. கையால் தொட்டுப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

பாரம் சுமந்த நரம்பணு

இனி நாற்பது வருடம் தள்ளி வருவோம். பெரிதான இயக்க அலகு ஒரு முறை கட்டி முடித்த வீடு அல்ல. தளிர்கள் ஓயாமல் உதிர்கின்றன, ஓயாமல் புதிதாக முளைக்கின்றன. இதை மறுசீரமைப்பு என்கிறார்கள். உதிர்வதும் முளைப்பதும் சமமாக இருக்கிற வரை பலம் அப்படியே நிற்கும். அந்தச் சமநிலைதான் நம் பெண்ணுக்கு நாற்பது வருடம் கொடுத்தது.

ஒரு நரம்பணு இரண்டரை மடங்கு, ஐந்து மடங்கு கிளைகளுக்குத் தேவையான பொருட்களை ஒரே செல் உடலிலிருந்து தயாரித்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நாளடைவில் நுனியிலிருக்கும் தளிர்களைப் பராமரிக்க முடியாமல் போகிறது. உதிர்வது முளைப்பதை முந்துகிறது. பெரும்பாலும் நரம்பணு முழுதாகச் சாவதில்லை, கிளைகள் நுனியிலிருந்து உள்நோக்கிக் காய்கின்றன. இதுதான் இன்றைக்கு அதிகம் ஏற்கப்படும் விளக்கம். தண்டுவடத்தில் நீடிக்கும் மெல்லிய அழற்சிக்கும் பங்கு இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு, ஆனால் அது உறுதிப்படவில்லை.

இதோடு முதுமையும் சேர்ந்துகொள்கிறது. எல்லோருக்குமே வயது ஏற ஏற இயக்க நரம்பணுக்கள் குறையும், அறுபதுக்கு மேல் வேகம் கூடும். போலியோ வராத காலில் 200இல் ஒன்று போனால் இழப்பு 500 இழைகள், அதாவது அரை சதவீதம். அதையும் பக்கத்திலிருப்பவை தத்தெடுத்துவிடும். வலது காலில் ஒன்று போனால் 1,250 இழைகள் போகும். இடது காலில் ஒன்று போனால் 2,500 இழைகள், மிஞ்சிய பலத்தில் இருபதில் ஒரு பங்கு. ஏற்கெனவே கொள்ளளவை எட்டிவிட்ட பக்கத்து நரம்பணுக்களால் புதிதாக எதையும் ஏற்க முடியாது. முதல் தடவை காப்பாற்றிய வழி இந்தத் தடவை அடைபட்டிருக்கிறது.

அப்படியானால் இடது கால்தானே முதலில் தளர வேண்டும்? பலருக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் வாழ்க்கை முழுக்க யார் அதிகம் உழைத்தது என்றும் பார்க்க வேண்டும். நம் பெண்ணின் இடது காலைக் காலிப்பர் தாங்கியது. ஒவ்வொரு படியிலும் உடலின் எடையைத் தூக்கியது வலது கால். 80 நரம்பணுக்களை வைத்துக்கொண்டு 200இன் வேலையையும், அதற்கு மேல் இடது காலின் வேலையில் ஒரு பங்கையும் நாற்பது வருடம் செய்தது. என்னைக் கேட்டால், போலியோவிலிருந்து மீண்டவர்களின் விஷயத்தில் ‘பாதிக்கப்படாத கால்’ என்ற சொல்லையே மருத்துவக் குறிப்புகளிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இந்தச் சந்தேகம் புதிதல்ல. 1875இலேயே பிரான்சில் 19 வயதுத் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரைப் பற்றிய குறிப்பு வெளியானது. குழந்தைப் பருவத்தில் வந்த கைகால் செயலிழப்பிலிருந்து தேறியவர். கடினமான உடலுழைப்பு. புதிதாகத் தசை பலவீனமும் மெலிவும் வந்திருந்தன. பழைய நோய் தண்டுவடத்தை எளிதில் பாதிக்கப்படக்கூடியதாக விட்டுச்சென்றிருக்கிறது, அதோடு உழைப்பின் பாரமும் சேர்ந்தது என்று பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோ கருதினார். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு காலம் இதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டு மட்டும் சுமார் 58,000 பேருக்குப் போலியோ வந்தது. அந்தக் காலத்துக் குழந்தைகள் நடுவயதை எட்டிய 1970களின் கடைசியிலும் 1980களிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குறையோடு மருத்துவர்களிடம் வந்தார்கள். பலருக்கு “மனச்சோர்வு”, “வயதாகிவிட்டது” என்ற பதில்தான் கிடைத்தது. இளமையில் போலியோ வந்தவரான மருத்துவர் லாரோ ஹால்ஸ்டெட் போன்றவர்களின் முயற்சியில் 1984இல் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் இதற்கென்றே ஒரு மாநாடு கூடியது. போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்ற பெயரும் நிலைத்தது.

‘திடீரென்று’ வருவதுபோல் ஏன் தோன்றுகிறது

மரினோஸ் டலாகஸ் குழுவினர் இப்படிப்பட்ட 27 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், தசை பலம் சராசரியாக வருடத்துக்கு ஒரு சதவீதம் குறைவது தெரிந்தது. ஒரு சதவீதம்தானா என்று தோன்றும். ஆனால் நோயாளியோ “போன மாதம் வரை நன்றாக இருந்தேன்” என்கிறார். இரண்டுமே உண்மைதான்.

ஒரு செயலைச் செய்யக் குறைந்தபட்ச பலம் ஒன்று தேவை. மாடிப்படி ஏறத் தொடைத் தசையின் முழு பலத்தில் ஏறக்குறைய பாதி போதும் என்று வைத்துக்கொள்வோம். போலியோ வராதவரிடம் மேலே இன்னொரு பாதி சேமிப்பாக இருக்கிறது. வருடம் ஒரு சதவீதம் குறைந்தாலும் பல பத்தாண்டுகளுக்கு அவருக்குத் தெரியாது. நம் பெண்ணின் வலது காலுக்கு முழு பலமும் திரும்பியதாக முன்பு எளிமைக்காகக் கணக்குப் போட்டோம். ஆனால் அந்தத் தசை, கையால் சோதிக்கும்போது இயல்பாகத் தெரிந்தாலும், உண்மையில் 60 சதவீதத்தில்தான் நின்றிருக்கலாம். பத்து வருடத்தில் அது பாதிக்கு அருகே இறங்கி வருகிறது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகோ, இரண்டு வாரம் படுத்துக் கிடந்த பிறகோ கோட்டைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. பலம் மெல்ல மெல்லத்தான் குறைந்தது. படி ஏற முடிவதும் முடியாமல் போவதும் மட்டும் ஒரே நாளில் மாறுகிறது.

களைப்புக்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. காய்ந்துகொண்டிருக்கும் தளிரில் சமிக்ஞை ஒரு தடவை போய்ச் சேரும், மறு தடவை சேராது. முதல் பத்துப் படிகளுக்கு எல்லா இழைகளும் பதில் சொல்கின்றன. பிறகு ஒவ்வொன்றாக விட்டுப்போகின்றன. காலையில் இயல்பாக நடந்தவர் மாலையில் காலை இழுத்து நடப்பது சோம்பலோ மனக்குறையோ அல்ல. கால் சோர்ந்துபோகிறது என்ற இந்தக் குறையைப் பலர் பலவீனத்துக்கு முன்பாகவே சொல்கிறார்கள்.

எப்படி உறுதி செய்வது

“இதுதான்” என்று சொல்லிவிடக்கூடிய ஒற்றைப் பரிசோதனை இல்லை. கதையைக் கேட்டு, மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் இந்த முடிவுக்கு வருகிறார்கள். முன்பு கைகால் செயலிழப்புடன் போலியோ வந்திருக்க வேண்டும், ஓரளவாவது தேறியிருக்க வேண்டும், அதற்குப் பிறகு வழக்கமாகப் பதினைந்து வருடமாவது நிலையாக இருந்திருக்க வேண்டும். பிறகு புதிய பலவீனமோ அசாதாரணச் சோர்வோ தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். வேறு காரணம் எதுவும் இருக்கக் கூடாது.

அந்தக் கடைசி வரியில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். போலியோ வந்தவருக்கும் தைராய்டு குறையும், இரத்தசோகை வரும். வளைந்த முதுகெலும்பில் நரம்பு நசுங்கும். பல வருடம் ஊன்றுகோலை அழுத்திப் பிடித்த கையில் மணிக்கட்டு நரம்பு நெரிபட்டு விரல்கள் மரத்துப்போகும். மரத்துப்போவது ஒரு முக்கியமான துப்பு. போலியோவின் பின்விளைவு உணர்வைத் தொடாது. உணர்வு குறைந்தால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். அதேபோல் சில வாரங்களில் மளமளவென்று பலம் இறங்கினாலும் இது அல்ல என்று சந்தேகப்பட வேண்டும்.

நம் பெண்ணுக்கு இரத்தப் பரிசோதனைகள் இயல்பு. இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ.யில் நரம்பு நசுங்கவில்லை. வலது தொடையில் தொடு உணர்வு முழுதாக இருக்கிறது, முழங்கால் அனிச்சைத் துடிப்பு மட்டும் மிகக் குறைவு. பிறகு இ.எம்.ஜி. எடுத்தார்கள். தசைக்குள் மெல்லிய ஊசியை வைத்து, காலை இலேசாக நீட்டச் சொல்லி, ஒவ்வொரு இயக்க அலகும் எழுப்பும் மின்துடிப்பைத் திரையில் பார்க்கும் சோதனை அது. இயல்பான தசையில் சின்னச் சின்ன அலைகள் பல இருக்கும். பலத்தைக் கூட்டினால் திரையே நிரம்பிவிடும். இவருடைய வலது தொடையில் வந்தவை சில அலைகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் வழக்கத்தைவிடப் பல மடங்கு உயரம். முழு பலத்தோடு நீட்டச் சொன்னாலும் நடுவே இடைவெளி தெரிந்தது. குறைவான நரம்பணுக்கள், ஒவ்வொன்றின் கீழும் ஏராளமான இழைகள். ‘நல்ல கால்’ என்று நாற்பது வருடம் நம்பிய காலில் போலியோவின் தடம் திரையில் தெரிந்தது.

இந்தச் சோதனை பழைய போலியோவைக் காட்டும். புதிய தளர்ச்சி அதனால்தான் வந்தது என்று தனியாக நிரூபிக்காது. எந்தப் புதிய தொல்லையும் இல்லாமல் நன்றாக இருப்பவருக்கும் இதே பெரிய அலைகள் வரும். மீண்டவர்கள் எல்லோருக்கும் இந்தத் தளர்ச்சி வந்துதான் தீரும் என்பதும் இல்லை. நூற்றுக்கு 25 முதல் 40 பேர் வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

கிருமி திரும்ப வந்துவிட்டதா என்ற அவருடைய கேள்விக்குப் பதில்: இல்லை. இது தொற்றாது. பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ இவரிடமிருந்து எதுவும் பரவாது.

எவ்வளவு உழைக்கலாம்

காய்ந்த தளிரைத் திரும்ப முளைக்கவைக்கும் மருந்து இன்று இல்லை. நரம்பு தசைச் சந்திப்பில் சமிக்ஞையைக் கூட்டும் பிரிடோஸ்டிக்மின் மாத்திரையைச் சோதித்துப் பார்த்தார்கள், பலம் கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. ஆகவே செய்யக்கூடியது, மிஞ்சியிருக்கும் நரம்பணுக்களின் பாரத்தைக் குறைப்பதுதான்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. சிறுவயதில் இவர்களுக்குச் சொல்லப்பட்டது “விடாதே, இன்னும் முயற்சி செய்” என்பது. அப்போது அது வேலை செய்தது. அதே பழக்கத்தில் இப்போது கால் தளர்ந்ததும் அதிகமாகப் படி ஏறிப் பயிற்சி செய்கிறார்கள், கால் இன்னும் தளர்கிறது. அதற்காகப் பயந்து படுத்துவிட்டாலும் தவறு. பயன்படுத்தாத தசை இழைகள் மெலிந்து, இருப்பதும் போய்விடும். இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிக்க ஒரு நல்ல அளவுகோல் உண்டு: மறுநாள் காலை. பயிற்சிக்குப் பிறகு வரும் வலியோ சோர்வோ அன்றிரவு ஓய்வெடுத்ததும் தீர்ந்தால் அளவு சரி. மறுநாளும் தசை தளர்வாக, வலியாக இருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், அடுத்த முறை குறைக்க வேண்டும். புவியீர்ப்பை எதிர்த்து அசையக்கூட முடியாத தசையைப் பயிற்சியால் பலப்படுத்த முயல்வதில்லை, அதற்கு வெளியிலிருந்து தாங்கல்தான் கொடுக்கிறார்கள்.

நம் பெண்ணுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள், இடையிடையே ஓய்வுடன் சிறு சிறு தொகுதிகளாகத் தொடைப் பயிற்சி சொன்னார்கள். எடை இல்லை, மூச்சு வாங்கும்வரை செய்வதும் இல்லை. வாரம் இரண்டு நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் நடை. பழைய கனமான காலிப்பரை மாற்றி இலேசான ஒன்றைப் பொருத்தினார்கள். இடது கால் நன்றாகத் தாங்கப்பட்டால் வலது காலுக்கு அந்த அளவு வேலை குறையும். வெளியே போகும்போது ஊன்றுகோல். நின்றுகொண்டு செய்த வேலைகள் உயரமான இருக்கைக்கு மாறின. நாற்பது வருடம் முன்பு தூக்கி எறிந்த ஊன்றுகோலைத் திரும்பக் கையில் எடுப்பதுதான் அவருக்கு இதில் மிகக் கடினமாக இருந்தது. இதை நான் சாதாரணமாக எழுதிக் கடந்துபோக விரும்பவில்லை. தோற்றுவிட்டதாகவே பலருக்கு அது படுகிறது.

இன்னும் இரண்டு விஷயங்களை மருத்துவர் கேட்டார், கால்களோடு தொடர்பில்லாததுபோல் தோன்றும் விஷயங்கள். காலையில் எழுந்ததும் தலைவலி இருக்கிறதா, பகலில் தூக்கம் சொக்குகிறதா என்பது ஒன்று. மூச்சுத் தசைகளின் நரம்பணுக்களும் அந்நாளில் அடிபட்டிருந்தால், தூக்கத்தில் மூச்சு ஆழமில்லாமல் போய் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். அதற்கு வெறும் ஆக்ஸிஜன் கொடுத்தால் மூச்சு இன்னும் மந்தமாகலாம், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவிதான் தேவைப்படும். மற்றது, எப்போதாவது அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து நிபுணரிடம் போலியோ வந்ததை முன்கூட்டியே சொல்லவேண்டும் என்பது. நரம்பணுக்கள் குறைந்த உடலில் தசைத் தளர்வு மருந்துகளும் தூக்க மருந்துகளும் அதிகமாக வேலை செய்யலாம்.

இவருக்கு மூச்சில் குறை இல்லை. ஒரு வருடம் கழித்து வந்தபோது வலது தொடையின் பலத்தைக் கருவியால் அளந்தார்கள். கூடவில்லை, குறையவும் இல்லை. முழங்கால் மடங்குவது மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்திருந்தது. மாலை வலி பெரும்பாலும் இல்லை. குறிப்பேட்டில் ‘வலது கால்: இயல்பு’ என்று பல வருடமாக இருந்த வரியை அடித்துவிட்டு, ‘வலது கால்: போலியோ, ஈடுசெய்யப்பட்டது’ என்று மருத்துவர் மாற்றி எழுதினார்.